தவணை அட்டவணையில் முதல் ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைகிறது?

மச்சான் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். வீடு வாங்க எடுத்த கடனுக்கு வங்கி கொடுத்த தவணை அட்டவணையை, ஸ்டேப்ளர் அடித்த நாலைந்து தாள்கள், ஒரு நாள் கவுண்டரில் விரித்து வைத்து என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டாவது வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருந்தார்.

"இஞ்ச பாருங்கோ, ஒரு வருசம் ஒழுங்காக் கட்டியிருக்கிறன். ஏழு லட்சத்து இருபதாயிரம். கடன் குறைஞ்சது ஒண்டேகால் லட்சம்தான். வங்கிக்காரன் தன்ர வட்டியை எல்லாம் முன்னுக்கே எடுத்துப்போட்டுத்தான் முதலில கை வைப்பான் போல."

அவர் மட்டும் இல்லை, வீட்டுக் கடன் எடுத்த பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதிலிருந்து இன்னொரு எண்ணமும் பிறக்கிறது: பாதி வருடம் தாண்டிவிட்டால் வட்டியை எல்லாம் கட்டி முடித்த மாதிரித்தான், அதற்குப் பிறகு கடனை முன்கூட்டித் தீர்ப்பதில் பிரயோசனம் இல்லை என்று. இரண்டுமே பிழை. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் என்பதும் உண்மை, அதனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று மெதுவாகப் பார்ப்போம்.

மச்சானின் கடன் 50 இலட்சம் ரூபாய். ஆண்டு வட்டி 12 சதவீதம், 15 வருடம், அதாவது 180 தவணை. மாதம் ஒன்றுக்கு 60,008.40 ரூபாய். அட்டவணையின் ஆரம்ப வரிகள் இப்படி இருக்கும்:

| தவணை | கட்டுவது | வட்டி | முதல் | மீதிக் கடன் |
|---|---|---|---|---|
| 1 | 60,008.40 | 50,000.00 | 10,008.40 | 4,989,991.60 |
| 2 | 60,008.40 | 49,899.92 | 10,108.48 | 4,979,883.12 |
| 3 | 60,008.40 | 49,798.83 | 10,209.57 | 4,969,673.55 |

வருடத்துக்கு 12 என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். ஒன்றாம் மாதம் முழுக்க 50 இலட்சமும் நம் கையில் இருந்தது, அதற்கு ஒரு மாத வட்டி 50,000. கட்டிய 60,008.40இல் அது போக மிஞ்சியது 10,008.40. அவ்வளவுதான் கடனிலிருந்து கழிகிறது. இரண்டாம் மாதம் கையில் இருப்பது 4,989,991.60, அதற்கு ஒரு சதவீதம் 49,899.92, மிச்சம் முதலுக்கு. 180 வரிகளும் இந்த ஒரே கணக்குத்தான்: போன வரியின் மீதியை மாத வட்டியால் பெருக்கு, தவணையிலிருந்து கழி, மிஞ்சுவதை மீதியிலிருந்து கழி. வரப்போகிற வருடத்து வட்டியை முன்கூட்டி எடுக்கிற வரி எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு மாதமும், அந்த மாதம் நம்மிடம் இருந்த பணத்துக்கு அந்த ஒரு மாத வாடகை மட்டும்தான் போகிறது. வீட்டு வாடகை மாதிரியே யோசியுங்கள், பெரிய வீட்டில் இருக்கும்வரை பெரிய வாடகை, அறை அறையாகத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க வாடகை இறங்கும்.

எக்செல் தெரிந்தவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். E2இல் கடன் தொகையை எழுதிவிட்டு மூன்றாம் வரியில் இவற்றை இட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
B3: =PMT(12%/12, 180, -5000000)
C3: =E2*12%/12
D3: =B3-C3
E3: =E2-D3
```

180ஆவது தவணையின் மீதி பூச்சியத்துக்கு வந்து நிற்கும். தவணைத் தொகையைக் கணக்கிடுகிற அந்த PMT சூத்திரத்தின் வேலையே இதுதான், கடைசி வரியில் மீதி பூச்சியமாகிற அந்த ஒரே தொகையைக் கண்டுபிடிப்பது. தவணை மாதாமாதம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம், வட்டியோ ஆரம்பத்தில்தான் அதிகம், ஆகவே முதலுக்குப் போகிற பங்கு ஆரம்பத்தில் சிறுத்துத்தான் ஆகவேண்டும். முதலை 180 சமபங்காகப் பிரித்துக் கட்டவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் ஒன்றாம் மாதம் முதலுக்கு 27,778, வட்டிக்கு 50,000 என்று 77,778 ரூபாய் கட்டவேண்டும். அந்தத் தொகையைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலானோர் சமதவணை எடுக்கிறோம்.

இப்போது முதல் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். 10,008.40, 10,108.48, 10,209.57. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடச் சரியாக ஒரு சதவீதம் கூட. காரணம் சுலபம்தான், இந்த மாதம் 10,008 ரூபாய் கடன் குறைந்ததால் அடுத்த மாதம் அதற்குரிய 100 ரூபாய் வட்டி இல்லாமல் போகிறது, தவணை மாறாததால் அந்த 100 ரூபாயும் முதலுக்குப் போய்ச் சேர்கிறது. கூட்டுவட்டி என்றாலே கடன்காரன் கழுத்தைப் பிடிக்கிற விஷயம் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம், ஆனால் இந்தப் பத்தியில் அது நம் பக்கம் நின்று வேலை செய்கிறது. மாதம் ஒரு சதவீதம் என்பது ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாது. ஐந்து வருடம் கட்டி முடிக்கும்போது கொடுத்தது 36 இலட்சம், கடனிலிருந்து கழிந்தது 8 இலட்சத்து 17 ஆயிரம். ஏழரை வருடம், சரியாகப் பாதி வழி, மீதி இன்னும் 35 இலட்சத்து 50 ஆயிரம். 112ஆவது தவணையில்தான் முதல் வட்டியை முந்துகிறது: முதல் 30,202, வட்டி 29,806. அதன் பிறகு மளமளவென்று இறங்கும். கடைசித் தவணையில் வட்டி வெறும் 594 ரூபாய்.

இந்த 112 என்ற எண்ணில் ஒரு அழகு இருக்கிறது. அந்த வரியையும் சேர்த்து எண்ணினால் மிச்சம் இருப்பது 69 தவணை. கடனை 20 வருடத்துக்கு எடுத்திருந்தாலும் 12 சதவீத வட்டியில் முதல் முந்துவது கடைசி 69 தவணை இருக்கும்போதுதான், 25 வருடத்துக்கு எடுத்திருந்தாலும் அப்படியேதான். கடன் 50 இலட்சமா 5 இலட்சமா என்பதும் இதில் கணக்கில்லை. மாதம் ஒரு சதவீதம் என்று வளர்கிற ஒன்று இரட்டிப்பாக ஏறத்தாழ 70 மாதம் எடுக்கும் என்ற அதே கணக்குத்தான் இங்கே தலைகீழாக நிற்கிறது. ஐந்து வருடக் கடன் என்றால் மொத்தமே 60 தவணை, ஆகவே அதில் ஒன்றாம் மாதத்திலிருந்தே முதல்தான் அதிகம். வருடத்தைக் கூட்டக் கூட்ட நாம் சேர்த்துக்கொள்வது எல்லாமே வட்டி கனத்த முன்பகுதி வரிகள்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதல் என்ற பத்தியின் இந்தக் குணத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. லீசிங் எடுக்கப் போனால் பிளாட் ரேட் 9 சதவீதம் என்று சொல்வார்கள். 20 இலட்சம், நாலு வருடம், வருடத்துக்கு 9 சதவீதப்படி வட்டி 7 இலட்சத்து 20 ஆயிரம், எல்லாவற்றையும் கூட்டி 48ஆல் வகுத்தால் மாதம் 56,667 ரூபாய். கேட்க மலிவாகத்தான் இருக்கும். அட்டவணையைக் கேட்டு வாங்கி, இரண்டாம் வரியின் முதலை ஒன்றாம் வரியின் முதலால் வகுத்துப் பாருங்கள். 30,423ஐ 30,023ஆல் வகுத்தால் 1.0133 வரும், அதாவது மாதத்துக்கு 1.33, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம். பிளாட் ரேட் கணக்கில் நாம் திருப்பிக் கட்டிவிட்ட பணத்துக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். வாயால் சொல்கிற வீதத்தை எப்படியும் சொல்லலாம், அந்த இரண்டு எண்களை மட்டும் மாற்ற முடியாது.

சரி, மச்சானுக்கு வருவோம். அவர் கையில் ஐந்து இலட்சம் சேர்ந்திருந்தது. கடனில் போடலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. 12 தவணை முடிந்து மீதி 4,873,068. அதில் 5 இலட்சத்தைக் கட்டினால் மீதி 4,373,068. அட்டவணையில் இந்த எண் எங்கே வருகிறது என்று தேடினால், ஐந்து இலட்சம் என்பது எத்தனை வரிகளைத் தாண்டிக் குதிக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். 48 வரிகள் கீழே நாற்பத்தொரு இலட்சத்துச் சொச்சம் இருக்கிறது, ஆகவே அதற்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டால் மிச்சம் 168 தவணைக்குப் பதிலாக 132தான், கடைசித் தவணையும் ஒரு துண்டுத் தொகை மட்டும். மூன்று வருடம் குறைகிறது. ஐந்து இலட்சம் போட்டு, பிறகு கட்டவேண்டியிருந்த 22 இலட்சத்துச் சொச்சத்தைத் தவிர்த்திருக்கிறோம், ஆக மிச்சமாகிற வட்டி 17 இலட்சம்.

இதே ஐந்து இலட்சத்தைப் பத்து வருடம் முடிந்த பிறகு கட்டினால் மிச்சமாவது மூன்றரை இலட்சம்தான். "பார்த்தீங்களா, நான் சொன்னதுதானே, முன்னுக்கு வட்டி எடுத்திட்டான்" என்றார் மச்சான். இல்லை. இரண்டு தடவையும் அந்த ஐந்து இலட்சம் சம்பாதித்தது வருடத்துக்கு 12 சதவீதம்தான், ஒரு சதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. முந்திக் கட்டியது பல வருடம் கூடுதலாக வேலை செய்தது, பிந்திக் கட்டியது கொஞ்சக் காலம். பதினோராம் வருடத்தில் கையில் பணம் இருந்து, அதை நிலையான வைப்பில் போட்டால் 8 சதவீதம்தான் கிடைக்கும் என்றால், கடனில் போடுவது அப்போதும் லாபமே. எந்த வருடத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்க்கத் தேவையில்லை, அன்றைய கடன் வட்டியையும் அன்றைய வைப்பு வட்டியையும் ஒப்பிட்டால் போதும். கூடவே கடன் கடிதத்தில் முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், அதையும் கழித்துக்கொள்ளவேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் தேவை. பெருந்தொகை ஒன்றைக் கட்டும்போது வங்கிக்கு இரண்டு வழி உண்டு, தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைப்பது, அல்லது காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைப்பது. இரண்டாவது வழியில் மச்சானின் தவணை 53,851 ஆகும், 168 தவணையும் இருக்கும், மிச்சமாகிற வட்டி 5 இலட்சத்து 34 ஆயிரம் மட்டும். பதினேழுக்கும் ஐந்துக்கும் இடையில் காணாமல் போன பணத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்று நினைக்கக்கூடாது, மாதாமாதம் 6,157 ரூபாய் நம் கையிலேயே தங்குகிறதல்லவா, அதன் விலைதான் அது. கடையில் வருமானம் ஆடி அடங்குகிறவர்களுக்கு அந்த ஆறாயிரம் பெரிய மூச்சு, அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து, எழுத்தில் கொடுக்கவேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் 12 சதவீதம் 15 வருடமும் அசையாமல் நிற்கும் என்ற நம்பிக்கையில் சொன்னது. இலங்கையில் நீண்டகால வீட்டுக் கடன்களில் பல அப்படி இல்லை. ஆரம்பச் சில வருடம் நிலையான வீதம், பிறகு மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிற சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு, எல்லோரும் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் என்று சொல்வது, இத்தனை சதவீதம் கூட்டி என்று கடிதத்தில் எழுதியிருக்கும். அட்டவணைத் தாளில் அது தெரியாது. 180 வரிகளும் அச்சடித்து ஒழுங்காக நிற்கும், ஏதோ கல்வெட்டு மாதிரி.

2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடமே ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் 20 சதவீதத்தைத் தாண்டிப் போனது. மச்சானின் அதே கடனை ஒருவர் மூன்று வருடம் முந்தி எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 36 தவணை கட்டி முடித்திருப்பார், மீதி 4,568,869. வட்டி 20 சதவீதமானால் ஒரு மாத வட்டி மட்டும் 76,148 ரூபாய். அவர் கட்டுவதோ 60,008. வட்டியைக்கூட மூடப் போதாது, 16,140 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தக் கணக்கில் முதல் என்ற பத்தியில் கழித்தல் குறி வரும், மீதிப் பத்தி கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறும். மாதம் தவறாமல் கட்டுகிற ஒருவரின் கடன் வளர்ந்துகொண்டே போகும்.

இதைத் தடுக்கத்தான் வங்கிகள் தவணையை உயர்த்தின. மிச்சம் 144 மாதத்தில் 20 சதவீதத்தில் முடிக்கவேண்டும் என்றால் தவணை சுமார் 83,900 ரூபாய். விலைவாசியும் ஏறிய நேரத்தில் மாதம் 24 ஆயிரம் எங்கிருந்து வரும்? காலத்தை நீட்டித் தாருங்கள், தவணையைக் கூட்டாதீர்கள் என்று கேட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வட்டியே 76 ஆயிரம் என்னும்போது 60 ஆயிரம் கட்டுகிற அட்டவணை 100 வருடம் நீட்டினாலும் முடியாது, அந்தக் கதவு அங்கே பூட்டித்தான் இருக்கிறது. அது எந்த வீதத்தில் பூட்டிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். தவணையை 12ஆல் பெருக்கி மீதிக் கடனால் வகுக்கவேண்டும். அவருக்கு அது 15.76 சதவீதம். வட்டி அதற்கு மேலே போன நாளில் 60,008 ரூபாய்த் தவணை செத்துவிட்டது. உங்கள் அட்டவணையிலும் இன்றைய வரியை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அந்த எண்ணுக்கும் இன்றைய வீதத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது, மாறும் வட்டியில் கடன் எடுத்த ஒருவர் தெரிந்துவைத்திருக்கவேண்டிய எண். கடன் ஆரம்பத்தில் இந்தத் தூரம் மிகக் குறுகியது, 50 இலட்சம் முழுதாக இருக்கும்போது அந்த எண் 14.4 சதவீதம்தான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதற்காக வங்கிக்குப் போய்ச் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அட்டவணை 12 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு வைக்கிறது. கணக்குக் கூற்றிலோ பல இடங்களில் நாளைக் கணக்கெடுத்து 365ஆல் வகுப்பார்கள். 50 இலட்சத்துக்கு 31 நாள் மாதத்தில் வட்டி 50,958.90, பெப்ரவரியில் 46,027.40. அட்டவணையில் இருப்பது 50,000. இந்த ஏற்ற இறக்கம் பிழையில்லை. நாளைப் பெருக்கிப் பார்த்துச் சரி வந்தால் விடலாம். ஆனால் தவணையை ஒரு வாரம் பிந்திக் கட்டினால் அந்த ஏழு நாளும் வட்டியில் ஏறி முதலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், தாமதக் கட்டணம் வேறு. இதெல்லாம் கடைசித் தவணையில்தான் வந்து நிற்கும், அதனால்தான் கடைசித் தொகை அட்டவணையில் இருப்பதற்குச் சமமாக வருவதில்லை.

மச்சான் கடிதம் எழுதிக் கொடுத்து ஐந்து இலட்சத்தைக் கட்டினார். காலத்தைக் குறைக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார். இரண்டு கிழமை கழித்துப் புது அட்டவணை வந்தது, கடையில் வைத்தே பிரித்தோம். ஒன்றாம் வரியில் தவணை 53,851.25, கடைசி வரியின் எண் 168. அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையனைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளைக்கு நடந்தார். அடுத்த தடவை வந்த தாளில் தவணை பழைய 60,008.40, வரிகள் 132, கடைசி வரியில் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்ச் சொச்சம். சிவப்புப் பேனையால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கடைச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.